மிளகு மரத்திலிருந்து விழுந்தார்! "யார் குற்றம்?" என்று கேட்காத விபத்து அறிக்கை

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் புறப்படும் பஸ், அடிவாரம் வந்ததும் கியரை மாற்றும். அதற்கு மேல் மலைப்பாதை. 20 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு காற்று குளிரும். மேலே போனால் காபித் தோட்டங்கள். காபிச் செடிகளுக்கு நிழல் தர, வானத்தைத் தொடுவதுபோல் வளர்ந்த சில்வர் ஓக் மரங்கள். அந்த மரங்களைச் சுற்றிக்கொண்டு மிளகுக் கொடிகள்.

காபி பறிக்கத் தரையில் நின்றால் போதும். மிளகு பறிக்க ஏற வேண்டும். கொடி 20 அடி, 30 அடி என்று மரத்தோடு போகிறது. மிளகுச் சரம் பழுக்கும் மாதங்களில், காலை முதல் மாலை வரை ஏணியில்தான் வாழ்க்கை.

ஏணியில் வேலை இருக்கும் இடத்தில் விழுவதும் இருக்கும்.

ஒருவர் விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அதன் பிறகு, ஆபீஸில் யாரோ ஒருவர் பேனாவை எடுக்கிறார். என்ன எழுதுகிறார்?

"தொழிலாளியின் கவனக்குறைவால் ஏணியிலிருந்து தவறி விழுந்தார். இனி கவனமாக இருக்கும்படி எல்லோருக்கும் சொல்லப்பட்டது."

இரண்டே வரி. அறிக்கை முடிந்தது. அடுத்த வாரம் அதே ஏணி, அதே சரிவில், வேறு ஒருவரை ஏற்றிக்கொண்டு நிற்கும்!

இந்த இரண்டு வரியில் உண்மை எவ்வளவு? ஏணி எப்படி நின்றது? எங்கே நின்றது? கயிறு கட்டியிருந்ததா? கீழே பிடிக்க ஆள் இருந்தாரா? ஒன்றுக்கும் பதில் இல்லை. "கவனக்குறைவு" என்ற ஒரு சொல் வந்ததும் எல்லாக் கேள்விகளும் வாயை மூடிக்கொண்டன.

இதற்கு வேறு வழி இருக்கிறது. யாரையும் குற்றம் சாட்டாமல், நடந்ததை நடந்தபடி எழுதி, காரணத்தைத் தோண்டி எடுத்து, இனி நடக்காதபடி வேலை செய்வது. அந்த அறிக்கையை எப்படி எழுதுவது என்று பார்ப்போம்.

ஆகாயத்திலிருந்து வந்த பாடம்

இந்த முறையை உலகத்துக்கு அழுத்தமாகச் சொல்லிக் கொடுத்தது விமானத் துறை.

விமான விபத்துகளை எப்படி விசாரிப்பது என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 1951-ல் விதிகளை ஏற்றுக்கொண்டது. அதற்கு 13-வது இணைப்பு என்று பெயர். அதன் சாரம் இதுதான்: விசாரணையின் ஒரே நோக்கம், இனி விபத்து நடக்காமல் தடுப்பது. பழியையோ பொறுப்பையோ பங்கு போடுவது அல்ல.

இந்தியாவில் விமான விபத்துகளை விசாரிக்கும் அமைப்பின் அறிக்கைகளும் இதே வழியில்தான் எழுதப்படுகின்றன.

ஏன் இப்படி? தயவு தாட்சண்யமா? இல்லை. பயந்த மனிதன் உண்மை பேசமாட்டான் என்பதே காரணம். "நீ ஏன் கயிறு கட்டவில்லை?" என்று கேட்டால், "கட்டினேன், அவிழ்ந்துவிட்டது" என்று பதில் வரும். "கயிறு எங்கே இருந்தது?" என்று கேட்டால், "இன்றைக்கு எனக்குக் கயிறே கிடைக்கவில்லை" என்று பதில் வரும். முதல் பதில் பொய். இரண்டாவது பதில் அடுத்த உயிரைக் காப்பாற்றும்.

ஒரு மாதிரி விபத்து

இனி ஒரு விபத்தை எடுத்துக்கொள்வோம். இது எந்த ஒரு தோட்டத்திலும் நடந்த சம்பவம் அல்ல. மலைத் தோட்டங்களில் மிளகு பறிக்கும் முறையை வைத்து, விளக்கத்துக்காக நாம் அமைத்துக்கொண்ட மாதிரி. ஆகவே பெயர்கள் இல்லை. உண்மையான அறிக்கையிலும் பெயருக்குப் பதில் "பறிப்பவர்", "ஏணி பிடிப்பவர்", "மேஸ்திரி" என்று வேலையைச் சொல்லி எழுதுவதே நல்லது. பெயரைப் படித்ததும் மனம் ஆளைப் பார்க்கிறது. வேலையைப் படித்தால் வேலையைப் பார்க்கும்.

பிப்ரவரி மாதம். மலைச்சரிவில் ஒரு மிளகுத் தோட்டம். ஒற்றை மூங்கில் ஏணி. அதாவது, நீளமான ஒரே மூங்கில். கணுவில் முளைத்த கிளைகளைக் குட்டையாக விட்டு வெட்டியிருப்பார்கள். அந்தக் கட்டைகளில் கால் வைத்து ஏற வேண்டும். மலைக்கு ஏற்ற ஏணிதான். தோளில் தூக்கிப் போகலாம், செடிகளுக்கு நடுவே நுழையலாம். ஆனால் அதற்கு ஒரே கால். அந்தக் கால் வழுக்கினால் எல்லாம் வழுக்கும்.

பறிப்பவர் சுமார் 12 அடி உயரத்தில் இருந்தபோது ஏணி சரிந்தது. அவர் கீழே விழுந்தார்.

12 அடி என்றால் என்ன? நம்முடைய வீட்டு மேல்தளத்தைவிடக் கொஞ்சம் அதிகம். அந்த உயரத்திலிருந்து நேரே விழும் ஒருவர் தரையைத் தொட ஒரு வினாடிகூட ஆகாது. தொடும்போது வேகம் மணிக்கு சுமார் 30 கிலோ மீட்டர். இதற்குள் கிளையைப் பிடிக்கவோ, குதிக்கவோ நேரம் இல்லை. "சமாளித்திருக்கலாமே" என்று பின்னால் சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

முதலில் மனிதன், பிறகு காகிதம்

அவர் கால் ஊன்றி விழுந்தார். "குதிகால் வலிக்கிறது, வேறு ஒன்றும் இல்லை" என்றார். இரண்டு பேர் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தப் போனார்கள். மேஸ்திரி, "நிறுத்தாதீர்கள், படுக்கவே விடுங்கள்" என்றார்.

அவர் சொன்னதுதான் சரி. உயரத்திலிருந்து குதிகால் ஊன்றி விழுந்தால், அடி குதிகாலோடு நிற்காது. கால் எலும்பு வழியாக மேலே ஏறி, இடுப்புக்கு மேலே உள்ள முதுகெலும்பைத் தாக்கும். குதிகால் எலும்பு முறிந்தவருக்கு முதுகெலும்பும் நொறுங்கியிருக்கக்கூடும் என்பது டாக்டர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். குதிகாலின் வலி பெரிதாக இருப்பதால் முதுகின் வலி அவருக்கே தெரியாமல் போகலாம். அந்த நிலையில் தூக்கி நிறுத்தினால் நரம்பு அறுபட்டு, கால்கள் ஒரேயடியாகச் செயல் இழந்துவிடும் ஆபத்து உண்டு.

ஆகவே தலை, கழுத்து, முதுகு ஒரே நேர்கோட்டில் இருக்க, அசையாமல் படுக்க வைத்து, 108-க்குச் சொல்ல வேண்டும். கட்டாயம் நகர்த்த வேண்டியிருந்தால், நாலைந்து பேர் ஒரே சமயத்தில், ஒரே குரலுக்குக் கட்டுப்பட்டு, பலகையில் மாற்ற வேண்டும்.

இவர் விஷயத்தில் ஆஸ்பத்திரி படம் இரண்டையும் காட்டியது: குதிகால் எலும்பு முறிவு, முதுகெலும்பில் ஒரு முறிவு. நரம்புக்குச் சேதம் இல்லை.

ஏணியைத் தொடாதே!

அடிபட்டவரைக் காப்பாற்றியதும் அடுத்த வேலை, அந்த இடத்தைக் காப்பாற்றுவது. யாராவது நல்ல எண்ணத்தோடு ஏணியை எடுத்து ஓரமாகச் சாய்த்துவிடுவார்கள். அதோடு பாதி உண்மை போய்விடும்!

ஏணி கிடந்தபடியே கிடக்கட்டும். செல்போனில் நான்கு பக்கமும் படம் எடுக்க வேண்டும். அளவுகோல் ஒன்றைப் பக்கத்தில் வைத்து எடுத்தால் இன்னும் நல்லது. பிறகு தரையையும் மரத்தையும் பார்க்க வேண்டும். அவை வாய் திறந்து பேசும்.

ஏணி இரண்டு விதமாகச் சரியலாம். அடி வழுக்கி வெளியே ஓடலாம். அல்லது, உச்சி மரத்தில் உருண்டு பக்கவாட்டில் சாயலாம். இரண்டில் எது என்று எப்படித் தெரியும்?

அடி வழுக்கியிருந்தால், மண்ணில் நேராக ஒரு கோடு கிழிந்திருக்கும். மரப்பட்டையில் மேலிருந்து கீழாக உராய்ந்த தடம் இருக்கும். உச்சி உருண்டிருந்தால், மண்ணில் குழி அப்படியே இருக்கும். மரப்பட்டையில் தடம் பக்கவாட்டில் வளைந்து போகும்.

நம் மாதிரி விபத்தில், மண்ணில் ஒன்றரை அடி நீளத்துக்கு ஒரு கோடு, சரிவின் கீழ்ப்பக்கமாக இருந்தது. பட்டையில் தடம் நேர் கீழாக இருந்தது. ஆகவே வழுக்கியது அடிதான்.

அந்தக் கோடு தொடங்கிய இடத்தில் தழையை விலக்கிப் பார்த்தார்கள். தழைக்கு அடியில் மூன்று அங்குலத்தில் ஒரு தட்டைப் பாறை! மூங்கிலின் அடியைக் கூராகச் சீவி மண்ணில் ஊன்றுவதுதான் வழக்கம். இங்கே கூர் மண்ணில் இறங்கவே இல்லை. பாறைமேல், ஈரத் தழைமேல், சும்மா நின்றது.

இன்னொரு அளவும் எடுத்தார்கள். சாய்த்து வைக்கும் ஏணிக்கு ஒரு கணக்கு உண்டு: உச்சி நாலு அடி உயரத்தில் தொட்டால், அடி ஒரு அடி தள்ளி இருக்க வேண்டும். இந்த ஏணியின் உச்சி தொட்ட இடம், அடியிலிருந்து 16 அடி உயரம். அப்படியானால் அடி நாலு அடி தள்ளி இருக்க வேண்டும். அளந்தால் ஆறரை அடி! அவ்வளவு சாய்ந்த ஏணி வெளியே ஓடப் பார்க்கும்.

சாட்சிகளிடம் பேசுவது

அன்றைக்கே பேச வேண்டும். தனித்தனியாகப் பேச வேண்டும். பத்து பேரை உட்கார வைத்துக் கேட்டால் ஒரே கதைதான் வரும். அது எல்லோரிலும் உரக்கப் பேசுகிறவரின் கதையாக இருக்கும்.

முதல் கேள்வி, "என்ன பார்த்தீர்கள்?" இரண்டாவது, "என்ன கேட்டீர்கள்?" மூன்றாவது, "வழக்கமாக இந்த வேலை எப்படி நடக்கும்?" இந்த மூன்றாவது கேள்விதான் பொன். வழக்கத்துக்கும் விதிக்கும் உள்ள இடைவெளி அதில் தெரியும்.

இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால்? இரண்டையும் எழுத வேண்டும். ஒருவர், "எடை போடக் கூப்பிட்ட உடனே சத்தம் கேட்டது" என்கிறார். இன்னொருவர், "கூப்பிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து" என்கிறார். எது சரி என்று எழுதுகிறவர் தீர்ப்புச் சொல்லக்கூடாது. "ஏணி சரிந்த நொடியை யாரும் நேரில் பார்க்கவில்லை" என்பதையும் மறக்காமல் எழுத வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று எழுதிய அறிக்கைக்குத்தான் மதிப்பு.

அறிக்கை இதோ!

இப்போது எழுதலாம். முதலில் நேரவரிசை. இதில் "ஆனால்", "இருந்தும்", "கூட" போன்ற சொற்கள் வேண்டாம். அவை மெல்லக் குத்தும் ஊசிகள். "மேஸ்திரி இருந்தும் கவனிக்கவில்லை" என்றால் அது நேரவரிசை அல்ல, வழக்கு.

காலை 7.30: வேலை தொடங்கியது. இரவுப் பனியால் தழை ஈரம். எட்டு ஏணிகள் எடுக்கப்பட்டன. ஆறு ஏணிகளுக்குக் கயிறு இருந்தது.

காலை 10.40: பறிப்பவரும் ஏணி பிடிப்பவரும் வேறு மரத்துக்கு மாறினார்கள். மரத்தின் மேல்பக்கம் காபிச் செடி அடர்ந்திருந்ததால் ஏணி கீழ்ச்சரிவில் வைக்கப்பட்டது. உச்சியில் கயிறு கட்டப்படவில்லை.

காலை 10.50: எடை போட அழைப்பு வந்தது. ஏணி பிடிப்பவர் நிரம்பிய மூட்டையை எடுத்துச் சென்றார்.

சுமார் 10.55: ஏணி சரிந்தது. பறிப்பவர் விழுந்தார்.

காலை 10.57: சத்தம் கேட்டு அருகில் இருந்தவர்கள் வந்தார்கள்.

காலை 11.12: 108-க்குச் சொல்லப்பட்டது. விழுந்த இடத்தில் செல்போனுக்குச் சிக்னல் இல்லை. ஒருவர் மேட்டுக்கு ஓடிச் சென்று பேசினார்.

பகல் 11.50: ஆம்புலன்ஸ் வந்தது.

பிற்பகல் 1.10: மலைப்பாதை வழியாகச் சேலம் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்.

இந்த வரிசையைப் படித்துப் பாருங்கள். ஒருவரையும் திட்டவில்லை. ஆனால் மறைக்கவும் இல்லை. ஏணி பிடிப்பவர் போனது இருக்கிறது. கயிறு கட்டாதது இருக்கிறது. போன் பேச 15 நிமிடம் போனதும் இருக்கிறது.

ஏன்? ஏன்? ஏன்?

இனி காரணம். ஒரு "ஏன்" கேட்டு நிறுத்தினால் ஆள் அகப்படுவார். தொடர்ந்து கேட்டால் காரணம் அகப்படும்.

ஏணி ஏன் சரிந்தது? அடி பாறைமேல் நின்றது, சாய்வு அதிகம், உச்சி கட்டப்படவில்லை, கீழே பிடிக்க ஆள் இல்லை. இவை உடனடிக் காரணங்கள்.

பிடிப்பவர் ஏன் போனார்? எடை போட மூட்டை தூக்க வேண்டியிருந்தது. அதை அவர் ஏன் தூக்கினார்? இந்தத் தோட்டத்தில் கூலி கிலோ கணக்கில். இருவரும் சேர்ந்து எத்தனை கிலோவோ அத்தனை கூலி. மூட்டை தூக்கத் தனி ஆள் இல்லை. எடை தாமதமானால் பறிப்பு தாமதம். பறிப்பு தாமதமானால் கூலி குறைவு. சும்மா ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் நேரத்துக்குக் காசு கிடையாது!

பார்த்தீர்களா? "ஏணி பிடிப்பவர் பொறுப்பில்லாமல் போய்விட்டார்" என்று எழுதியிருந்தால் இது வெளியே வந்திருக்குமா? அவரை நீக்கிவிட்டு வேறு ஒருவரை வைத்தாலும், எடை அழைப்பு வந்ததும் அவரும் போவார். கூலி முறை இழுக்கிறது, மனிதன் போகிறான்.

கயிறு ஏன் கட்டப்படவில்லை? அந்த ஏணிக்குக் கயிறு இல்லை. ஏன் இல்லை? நைந்துபோன இரண்டு கயிறுகளை முந்திய வாரம் ஒதுக்கிவிட்டார்கள். அது நல்ல காரியம். புதுக் கயிறு ஏன் வரவில்லை? வாயால் சொன்னார்கள், எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை. கயிறு வாங்குவது யாருடைய வேலை என்பதும் எங்கும் எழுதப்படவில்லை. கயிறு இல்லாத ஏணியை வெளியே எடுக்கக்கூடாது என்ற முறையும் இல்லை.

இவை வேர்க் காரணங்கள். உடனடிக் காரணம் அந்த ஒரு ஏணிக்குச் சொந்தம். வேர்க் காரணம் எட்டு ஏணிக்கும் சொந்தம்.

என்ன செய்வது?

அறிக்கையின் கடைசிப் பகுதி, திருத்த நடவடிக்கை. "கவனமாக இருக்கும்படி எச்சரிக்கப்பட்டது" என்பது நடவடிக்கை அல்ல. அது பேச்சு. காற்றில் போகும்.

பேச்சுக்கும் நடவடிக்கைக்கும் உள்ள வித்தியாசத்தை அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரத்தின் கோல்டன் கேட் பாலம் காட்டியது. 1930-களில் அந்தப் பாலத்தைக் கட்டியபோது, வேலையாட்களுக்குக் கீழே பெரிய வலை விரித்துக் கட்டினார்கள். விழுந்தவர்களில் 19 பேரை அந்த வலை தாங்கிப் பிடித்தது. "விழாதே" என்ற சொல்லால் ஆகாததை வலை செய்தது.

ஆனால் அந்த வலைக்கும் ஓர் எல்லை இருந்தது. 1937 பிப்ரவரி 17 அன்று, ஒரு பெரிய வேலை மேடையே கழன்று வலைமேல் விழுந்தது. வலை கிழிந்தது. 10 பேர் மாண்டார்கள். மனிதனைத் தாங்கும் வலை, மேடையைத் தாங்கவில்லை. ஒரு பாதுகாப்பை வைத்தால் அது எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்று தெரிந்திருக்க வேண்டும்.

திருத்தங்களை ஒரு வரிசையில் யோசிக்க வேண்டும். முதலில், ஆபத்தையே எடுத்துவிட முடியுமா? முடியாவிட்டால், சாமானை மாற்ற முடியுமா? அதன் பிறகு, வேலை முறையை மாற்றலாமா? கடைசியாகத்தான் சொல்லிக் கொடுப்பது.

நம் மாதிரி அறிக்கையில் இப்படி எழுதலாம்:

ஒன்று: இனி நடும் கொடிகளை ஏணி எட்டும் உயரத்தோடு நிறுத்தி வளர்ப்பது. இது பல வருஷ வேலை. பொறுப்பு மானேஜர். அடுத்த நடவில் தொடக்கம்.

இரண்டு: சரிவான இடங்களுக்கு மூன்று கால் ஏணி இரண்டு வாங்கி, ஒரு மாதம் பழகிப் பார்ப்பது. காபிச் செடிகளுக்கு நடுவே அது நுழையுமா என்று பறிப்பவர்களே சொல்ல வேண்டும். பொறுப்பு சூப்பர்வைசர். 30 நாள்.

மூன்று: எல்லா ஏணிக்கும் கயிறு. கயிறு ஏணியோடு கட்டியே ஷெட்டில் இருக்கும். கயிறு இல்லாத ஏணிக்குச் சிவப்புத் துணி கட்டி ஒதுக்கிவைப்பது. கயிறுக்கு ஒரு நோட்டுப் புத்தகம். பொறுப்பு ரைட்டர். 3 நாள்.

நாலு: ஏணி பிடிப்பவருக்கு நாள் கூலி. மூட்டை தூக்கத் தனி ஆள். முதலில் ஏறி உச்சியில் கயிறு கட்டும்வரை பிடிப்பவர் கையை எடுக்கக்கூடாது. கயிறு கட்டாமல் பறிப்பு தொடங்கக்கூடாது. பொறுப்பு மானேஜர். அடுத்த கூலி வாரத்திலிருந்து.

ஐந்து: ஏணி ஊன்றுமுன் தழையை விலக்கி, மண்ணைக் குத்திப் பார்ப்பது. மேல்சரிவில் செடி அடர்ந்திருந்தால் கிளையை ஒதுக்கிக் கட்டுவது. இதை மேஸ்திரி நேரில் செய்துகாட்டுவார்.

ஆறு: சிக்னல் கிடைக்கும் இடங்களைத் தோட்ட வரைபடத்தில் குறித்து ஷெட்டில் ஒட்டுவது. அங்கேயே ஒரு பலகையும் வைப்பது.

முதல் நாலிலும் மூன்று விஷயம் இருக்கிறது பாருங்கள்: என்ன செய்வது, யார் செய்வது, எப்போதைக்குள். ஆள் பெயர் இங்கே பழிக்காக இல்லை, வேலைக்காக.

திரும்பிப் போய்ப் பார்

காகிதத்தில் எழுதியதோடு முடியவில்லை. 30 நாள் கழித்து, சொல்லாமல் தோட்டத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். பத்து இடத்தில் ஏணி நின்றால், எத்தனை இடத்தில் கயிறு கட்டியிருக்கிறது என்று எண்ண வேண்டும்.

எட்டில் கட்டியிருக்கிறது, இரண்டில் இல்லை என்று வைத்துக்கொள்வோம். உடனே அந்த இரண்டு பேரைக் கோபித்தால், பழைய கதைக்கே திரும்பிவிட்டோம். "இங்கே கட்டுவதற்கு என்ன தடை?" என்று கேட்க வேண்டும். "இந்த மரம் பருமன். கயிறு சுற்றி வரவில்லை" என்பார்கள். அளந்தால் உண்மை. வாங்கிய கயிறு குட்டை! நீளமான கயிறு வாங்கினால் தீர்ந்தது. திருத்தத்துக்கும் திருத்தம் தேவைப்படும்.

குற்றம் சொல்லாதது மன்னிப்பா?

சிலருக்கு இங்கே ஒரு சந்தேகம் வரும். "யார் மேலும் பழி இல்லை என்றால், முதலாளி தப்பிவிடுவாரே? தொழிலாளிக்கு நஷ்டஈடு கிடைக்குமா?"

நல்ல கேள்வி. பழி சொல்லாத அறிக்கை, "யார் மேலும் குற்றம் இல்லை" என்று தீர்ப்பு எழுதுவதும் இல்லை. அதற்கு அந்த அதிகாரம் கிடையாது. போலீஸ், கோர்ட்டு, தொழிலாளர் துறை எல்லாம் தம் வேலையைத் தனியாகச் செய்யும்.

நஷ்டஈடு விஷயம் இன்னும் தெளிவு. 1923-ம் வருஷத்துத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்திலிருந்தே, வேலையின்போது வேலையால் நேர்ந்த விபத்துக்கு நஷ்டஈடு பெற, முதலாளி தவறு செய்தார் என்று தொழிலாளி நிரூபிக்க வேண்டியதில்லை. இப்போது அந்தச் சட்டத்தின் இடத்தில் 2020-ம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இருக்கிறது. அதே வருஷத்துத் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி, விபத்தில் மரணம் நேர்ந்தாலும், காயம்பட்டவர் 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலைக்கு வர முடியாமல் போனாலும், அதிகாரிகளுக்குத் தெரிவிப்பது முதலாளியின் கடமை. இந்தத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்தன.

ஆகவே குடும்பத்தார் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அறிக்கையில் வேலை நேரம், வேலை இடம், செய்துகொண்டிருந்த வேலை, விழுந்த நேரம், ஆஸ்பத்திரியில் சேர்த்த நேரம் ஆகியவை சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். "கவனக்குறைவு" என்ற சொல் இருந்தால், "இதற்கு எந்த அளவு, எந்தத் தடம் ஆதாரம்?" என்று கேளுங்கள். ஆதாரம் இல்லாவிட்டால் அது அபிப்பிராயம். அபிப்பிராயத்துக்கு அறிக்கையில் இடம் இல்லை. படிக்கத் தெரியாதவர் என்றால், படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டு, புரிந்த பிறகே கையெழுத்தோ ரேகையோ வையுங்கள்.

தோட்டத்துக்கு மட்டும் உரிய விஷயம் அல்ல இது. அடிவாரத்தில் லாரிமேல் ஏறி மூட்டை இறக்குகிறவர், கல்நார் ஓட்டுக் கூரைமேல் ஏறி ஒழுக்கு அடைக்கிறவர், சாரத்தில் நின்று சுவர் பூசுகிறவர், எல்லோருக்கும் இதே நாலு கேள்விதான்: என்ன நடந்தது? எந்த வரிசையில் நடந்தது? ஏன் நடந்தது? நாளைக்கு எதை மாற்றப்போகிறோம்?

இந்த நாலுக்கும் பதில் இருந்தால் அது அறிக்கை. நாலாவது கேள்விக்குப் பதில் இல்லை என்றால், சரிவில் அந்த ஏணி இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறது.